நிறம் மாறாமல் மங்கு மட்டும்: கன்னத்துத் திட்டுகளைப் படத்தில் சமன் செய்யும் முறை

கன்னத்தில் மங்கு உள்ள ஒருவரின் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்தால், பெரும்பாலும் திரும்பி வருவது மங்கு போன படம் அல்ல, ஆளே வெளுத்துப்போன படம். திட்டு மறைய வேண்டும் என்று முகம் முழுவதையும் ஏற்றிவிடுகிறார்கள். வெளிச்சம் ஏற ஏறத் திட்டுக்கும் தோலுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குக் குறைந்து தெரியும். வேலை முடிந்ததுபோல் இருக்கும். ஆனால் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம் என்றாகி, வீட்டில் உள்ளவர்கள் பார்த்தவுடன் "இது யாரு?" என்பார்கள்.

திட்டைச் சமன் செய்வது வேறு, நிறத்தை ஏற்றுவது வேறு. முதல் வேலையில் திட்டு உள்ள இடம் மட்டும் தன் பக்கத்துத் தோலின் அளவுக்கு வர வேண்டும். மற்ற எதுவும் ஓர் எண்கூட நகரக் கூடாது. இதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் செய்தால் கை தானாக வெளுப்பின் பக்கம் போகும். அதனால் இங்கே சொல்வது எண்களை வைத்துச் செய்யும் முறை. போட்டோஷாப்பில் செய்வதாகவே சொல்கிறோம், கணக்கு எந்த மென்பொருளுக்கும் ஒன்றுதான்.

எடுத்துக்காட்டாக ஒரு படத்தை வைத்துக்கொள்வோம். மாநிறமான, நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். சன்னல் வெளிச்சம் படத்தின் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. இடக் கன்னத்தில் பழுப்பு நிறத் திட்டு. நிழலில் உள்ள வலக் கன்னத்திலும் ஒரு திட்டு, அது கொஞ்சம் சாம்பல் பூத்தது போல. 24 மெகாபிக்சல் கேமராவில் ரா கோப்பாக எடுத்தது.

முதலில் படத்தைச் சரியான நிலைக்குக் கொண்டுவருதல்

திட்டில் கை வைக்கும் முன் வெள்ளைச் சமநிலையும் வெளிச்ச அளவும் முடிந்திருக்க வேண்டும். பிறகு மாற்றினால், கீழே எடுக்கப்போகும் எண்கள் எல்லாம் வீண். எடுக்கும்போதே முகத்துக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுத்திருந்தால் கேள்வியே இல்லை. அட்டையில் சொடுக்கிய வெள்ளைச் சமநிலையை எல்லாப் படங்களுக்கும் வைத்துவிடலாம். அட்டை இல்லாதபோது சட்டையின் வெள்ளையை நம்ப வேண்டாம். நம் ஊர் வெள்ளை வேட்டி சட்டையில் நீலம் போட்டிருப்பார்கள், அதை நடுநிலை என்று சொடுக்கினால் முகம் மஞ்சளாகிவிடும்.

ராவைத் திறக்கும் இடத்தில் இரண்டு பழக்கங்களை விட வேண்டும். ஒன்று, முகம் "பளிச்" என்று வர `Exposure` ஏற்றுவது. மற்றொன்று, நிறக் கலவைப் பகுதியில் `Oranges` நிறத்தின் `Luminance` அளவை ஏற்றுவது. இரண்டாவது நிறைய பேர் கையில் தானாக ஓடும் வேலை. மாநிறத் தோல் முழுவதும் ஆரஞ்சு வகையில்தான் விழும் என்பதால், அந்த ஒரு நழுவியை ஏற்றினாலே முகம், கழுத்து, கை எல்லாம் சேர்ந்து வெளுத்துவிடும். வெளுத்தது தெரியவும் தெரியாது, ஒப்பிட எதுவும் மிச்சம் இருக்காது.

கைப்பேசியில் எடுத்த படம் என்றால் அழகூட்டும் வசதி அணைத்திருந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது ஓடிய படத்தில் தோலின் நுண்துளைகள் ஏற்கெனவே வழிக்கப்பட்டிருக்கும். திட்டைச் சமன் செய்தாலும் அந்தத் தோல் திரும்பி வராது.

போட்டோஷாப்பில் 16 பிட்டாகத் திறந்துகொள்ளுங்கள்.

எது மங்கு, எது நிழல், எது சிவப்பு

கன்னத்தில் கருத்துத் தெரிவதெல்லாம் மங்கு அல்ல. பருவின் சிவப்பும் கருத்துத் தெரியும், கன்ன எலும்புக்குக் கீழே விழும் நிழலும் கருத்துத் தெரியும். மூன்றையும் ஒரே கையால் ஏற்றுவதுதான் முகத்தைத் தட்டையாக்கும் முதல் தவறு.

பிரித்துப் பார்க்க எளிய வழி சிவப்புச் சேனல். ரத்தம் சிவப்பு ஒளியை அதிகம் விழுங்குவதில்லை, அதனால் பருவின் சிவப்பு அந்தச் சேனலில் ஏறக்குறைய மறைந்துவிடும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் சிவப்பையும் விழுங்கும், எனவே மங்கு அங்கேயும் கருப்பாகவே நிற்கும்.

இதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய ஒரு துணை லேயர் போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு `Channel Mixer`. அதில் `Monochrome` தேர்வு செய்து, `Red` 100, `Green` 0, `Blue` 0 என்று வையுங்கள். படம் கருப்பு வெள்ளையாகும். அதற்கும் மேலே ஒரு `Curves` போட்டு நடுப்பகுதியைச் சற்றுச் செங்குத்தாக்கினால் திட்டின் எல்லை தேசப் படம் மாதிரித் தெளிவாகத் தெரியும். இரண்டையும் ஒரு தொகுப்பில் போட்டு, தேவைப்படும்போது மட்டும் கண் குறியைத் திறந்து மூடுங்கள். இது பார்வைக்கு மட்டும்தான், கோப்பைக் கொடுக்கும் முன் நீக்க வேண்டும்.

நிழலை இதனால் பிரிக்க முடியாது, அது எல்லாச் சேனலிலும் இருக்கும். அதற்கு எல்லையைப் பாருங்கள். நிழல் முகத்தின் வளைவைத் தொடர்ந்து மெல்ல மெல்லக் கரையும். மங்குக்கு வளைவோடு சம்பந்தம் இல்லை. கடற்கரைக் கோடு போல உள்ளே வெளியே போய்வரும், நடுவில் தீவு மாதிரித் தெளிந்த தோலும் இருக்கும்.

மச்சத்தைத் தொட வேண்டாம். அது அவரின் அடையாளம். தேமலும் வெண்திட்டும் பெரும்பாலும் சுற்றியுள்ள தோலைவிட வெளுத்தவை, அவற்றுக்கு இந்த முறை பொருந்தாது.

அவருடைய நிறம் எது?

எல்லாமே நிற்பது இந்தக் கேள்வியில்தான். பழகாத கை உடனே நெற்றியின் பளபளப்பான இடத்தைச் சொடுக்கி, அதுதான் நிறம் என்று எடுத்துக்கொள்ளும். அங்கே தெரிவது தோலின் நிறம் அல்ல, தோலின் எண்ணெயில் பட்டுத் திரும்பும் சன்னல். அதை இலக்காக வைத்தால் முகமே அந்த அளவுக்கு ஏறும். முன்கையின் உட்புறத்தை எடுப்பதும் தவறு. வெயில் படாத அந்த இடம் பெரும்பாலும் முகத்தைவிட வெளுப்பாகத்தான் இருக்கும்.

சரியான அளவுகோல், திட்டை ஒட்டிய தெளிந்த தோல். அதே கன்னம், அதே வெளிச்சம், திட்டின் ஓரத்திலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குள். மூக்கின் பக்கம் போகாதீர்கள், அங்கே சிவப்பும் எண்ணெயும் கலந்திருக்கும். வெளிச்சம் மாறாத திசையில் நகர்ந்து எடுங்கள். தாடையோ காதோ பக்கத்தில் இருப்பது எதுவோ அந்தப் பக்கம்.

`Color Sampler Tool` எடுத்து, மேல்பட்டியில் `Sample Size` என்பதை `31 by 31 Average` என்று மாற்றுங்கள். ஒற்றைப் பிக்சலில் எடுத்தால் ஒரு நுண்துளை மேல் விழுந்து எண் தப்பும். இப்போது ஆறு புள்ளிகள் வையுங்கள்: இடக் கன்னத்தின் தெளிந்த தோல், இடத் திட்டின் நடு, வலக் கன்னத்தின் தெளிந்த தோல், வலத் திட்டின் நடு, கழுத்து, பளபளப்பு இல்லாத நெற்றி. துணைத் தொகுப்பை மூடிவையுங்கள், எண்கள் `Info` பலகையில் வரும். பழைய பதிப்பில் நான்கு புள்ளிகளுக்கு மேல் வைக்க முடியாது, அப்போது ஒரு கன்னத்தை முடித்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

கடைசி இரண்டு புள்ளிகள் காவல்காரர்கள். வேலை முடியும்வரை அந்த எண்கள் அசையக் கூடாது.

நம் படத்தில் இடக் கன்னம் இப்படி இருக்கிறது என்று கொள்வோம். தெளிந்த தோல்: சிவப்பு 168, பச்சை 116, நீலம் 88. திட்டு: 142, 95, 71.

ஏன் கூட்டக் கூடாது, ஏன் பெருக்க வேண்டும்

திட்டை ஏற்ற எல்லோரும் முதலில் செய்வது `Curves` கோட்டின் நடுவைப் பிடித்து மேலே இழுப்பது. திட்டு ஏறும், ஆனால் சாம்பல் பூசியது போல் ஆகிவிடும். காரணத்தை எண்ணில் பார்த்தால் உடனே புரியும்.

நடுவை இழுப்பது ஏறக்குறைய மூன்று சேனலுக்கும் ஒரே அளவு கூட்டுவது மாதிரி. சிவப்பு 142 இலிருந்து 168க்கு வர 26 தேவை. அதே 26ஐ மற்றவற்றுக்கும் கூட்டினால் 168, 121, 97 என்று வரும். தெளிந்த தோலோ 168, 116, 88. பச்சையில் 5, நீலத்தில் 9 மிகை. நீலம் மிகுந்த பழுப்புதான் நாம் சாம்பல் என்று பார்ப்பது. மாநிற, கருநிறத் தோலில் இது இன்னும் மோசமாகத் தெரியும், ஏனென்றால் அங்கே நீலச் சேனலின் எண் சிறியது. சிறிய எண்ணோடு அதே 26ஐச் சேர்த்தால் விகிதம் பெரிதாகக் கெடும். வெளிர் நிறத் தோலுக்குச் சொல்லித்தரும் பாடங்கள் நம் முகங்களில் சாம்பல் தட்டுவதற்கு ஒரு காரணம் இது.

மெலனின் ஒளியில் ஒரு பங்கை விழுங்குகிறது. பங்கு என்றால் பெருக்கல். ஆகவே அதைத் திருப்பவும் பெருக்கத்தான் வேண்டும். சிவப்புக்கு 168ஐ 142ஆல் வகுத்தால் 1.18. பச்சைக்கு 116ஐ 95ஆல் வகுத்தால் 1.22. நீலத்துக்கு 88ஐ 71ஆல் வகுத்தால் 1.24. நீலத்துக்கு அதிகம், சிவப்புக்குக் குறைவு. மேலோட்டமான பழுப்புத் திட்டில் இப்படித்தான் வரும், மெலனின் நீல ஒளியைச் சிவப்பைவிட அதிகம் விழுங்கும்.

பெருக்குவதில் இன்னொரு நன்மை, தோலின் நுண்துளைகளும் மெல்லிய கோடுகளும் அப்படியே இருக்கும். திட்டின்மேல் உள்ள துளையும் அதே பங்குக்கு இருண்டதுதான், அதே பங்குக்குத் திரும்பி எழும்.

கோட்டை அமைத்தல்

படத்துக்கு மேலே ஒரு `Curves` லேயர் போடுங்கள், துணைத் தொகுப்புக்குக் கீழே. பெயர் "இடக் கன்னம்" என்று வையுங்கள். நடுவைத் தொடாமல், கோட்டின் வலது மேல் மூலைப் புள்ளியை மட்டும் இடப்பக்கம் நகர்த்தினால், கோடு மூலத்திலிருந்து நேராக எழும். நேர்கோடு என்றால் பெருக்கல்.

எவ்வளவு நகர்த்துவது என்பதற்குக் கணக்கு: 255ஐத் திட்டின் எண்ணால் பெருக்கி, தெளிந்த தோலின் எண்ணால் வகுக்க வேண்டும். கிடைப்பதுதான் `Input`. `Output` எப்போதும் 255.

```
Red    255 × 142 ÷ 168 = 216
Green  255 ×  95 ÷ 116 = 209
Blue   255 ×  71 ÷  88 = 206
```

`Curves` பலகையில் `RGB` என்று இருக்கும் இடத்தில் `Red` தேர்ந்து, மேல் மூலைப் புள்ளியைச் சொடுக்கி, `Input` பெட்டியில் 216 என்று தட்டுங்கள். பிறகு `Green`, பிறகு `Blue`. `Info` பலகையில் திட்டின் எண் 168, 116, 88க்கு ஓரிரு எண் முன்பின்னாக வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ எண்ணை மாற்றித் தட்டியிருக்கிறீர்கள்.

பெருக்கம் 1.4 என்று வந்தால் நின்று யோசியுங்கள். அநேகமாகத் தெளிந்த தோல் என்று எடுத்த புள்ளி வெளிச்சத்தில் இருக்கும், திட்டு நிழலில் இருக்கும். நிறத்தோடு நிழலையும் சேர்த்து அழிக்கப் போகிறீர்கள். புள்ளியை மாற்றி மீண்டும் எண்ணெடுங்கள்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. சிவப்பில் 216, பச்சையில் 209, நீலத்தில் 206 ஆகியவற்றுக்கு மேலுள்ள எண்கள் எல்லாம் 255இல் முட்டிவிடும். திட்டின்மேல் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் அது வெள்ளைப் பொட்டாகும். லேயரை இரட்டைச் சொடுக்கி, `Blend If` பகுதியில் `Underlying Layer` பட்டையின் வெள்ளை முக்கோணத்தை `Alt` அழுத்தியபடி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை 170இலும் மறு பாதியை 205இலும் வைத்தால் பளபளப்பில் லேயர் தானாக விலகிவிடும்.

மாஸ்க் தீட்டுதல்

இப்போது முகம் முழுவதும் வெளுத்திருக்கும், கவலை வேண்டாம். மாஸ்க்கைத் தேர்ந்து `Ctrl+I` அழுத்தினால் அது கருப்பாகி எல்லாம் பழையபடி ஆகும். இனி வெள்ளைப் பிரஷ்ஷால் திட்டின்மேல் மட்டும் திறக்க வேண்டும்.

பிரஷ்ஷின் `Hardness` 0, `Opacity` 100, `Flow` 8 அல்லது 10. அளவு திட்டின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. துணைத் தொகுப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, திட்டின் நடுவிலிருந்து தொடங்குங்கள். `Flow` குறைவாக இருப்பதால் ஒரு தீட்டலில் கொஞ்சம்தான் ஏறும். நடுவில் பலமுறை போக வேண்டியிருக்கும், ஓரத்தில் ஒன்றிரண்டு தீட்டல் போதும். மங்கு ஒரே கனத்தில் இருப்பதில்லை. அதன் கனத்துக்குத் தக்கபடி மாஸ்க்கின் கனமும் மாற வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பொறுமை. திட்டைச் சுற்றித் தேர்வுக் கோடு போட்டு ஒரே அடியாக நிரப்பினால் ஓரம் கட்டாயம் காட்டிக்கொடுக்கும்.

ஓரத்தில் இரண்டு வகைத் தவறு வரும். திட்டைச் சுற்றி வெளுத்த வளையம் தெரிந்தால் மாஸ்க் திட்டைத் தாண்டித் தெளிந்த தோலுக்குள் போயிருக்கிறது. நிறம் ஏறுவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான், தெரியாமல், விரற்கடை விரற்கடையாக. கருத்த வளையம் தெரிந்தால் மாஸ்க் ஓரத்துக்கு முன்பே நின்றுவிட்டது. `X` அழுத்தினால் கருப்பும் வெள்ளையும் இடம் மாறும், `Flow` 5இல் வைத்துத் திருத்துங்கள்.

திட்டுக்குள் தீவாக உள்ள தெளிந்த தோலை மாஸ்க்கில் மீண்டும் கருப்பாக்க வேண்டும். மச்சம் இருந்தால் அதையும். படத்தை 100 விழுக்காட்டில் தீட்டி, முழுமுகம் தெரியும் அளவில் பாருங்கள். பெரிதாக்கிய நிலையில் எல்லாமே திட்டு போலத் தெரியும், கை நிற்காது.

வலக் கன்னம்: நிழலும் சாம்பலும்

வலக் கன்னத்துக்கு அதே லேயரை நகலெடுத்துப் பயன்படுத்துவது பலர் செய்யும் குறுக்குவழி. இங்கே அது இரண்டு வகையில் பொய்க்கும்.

முதலில் வெளிச்சம். வலக் கன்னம் நிழலில் இருக்கிறது. அதன் தெளிந்த தோல் 132, 90, 68 என்று வருகிறது. இடக் கன்னத்தின் 168ஐ இலக்காக வைத்தால் நிழலின் நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டு எழும். ஒவ்வொரு கன்னத்துக்கும் அதன் பக்கத்துத் தோலே அளவுகோல்.

இரண்டாவது நிறம். இந்தத் திட்டு 108, 77, 61. வகுத்துப் பார்த்தால் சிவப்புக்கு 1.22, பச்சைக்கு 1.17, நீலத்துக்கு 1.11. இடப்பக்கத்துக்கு நேர் எதிர், இங்கே சிவப்புதான் அதிகம் குறைந்திருக்கிறது. மெலனின் தோலின் ஆழத்தில் படிந்திருக்கும்போது திட்டு சாம்பல் நீலமாகத் தெரியும். ஒரே முகத்தில் இரண்டு வகையும் கலந்து இருப்பது சாதாரணம். இடப்பக்கத்து எண்களை இங்கே போட்டால் நீலம் தேவைக்கு மேல் ஏறி, சாம்பல் இன்னும் அப்பட்டமாகும்.

```
Red    255 × 108 ÷ 132 = 209
Green  255 ×  77 ÷  90 = 218
Blue   255 ×  61 ÷  68 = 229
```

தனி லேயர், தனி மாஸ்க். ஒரே கன்னத்தில் நடுவில் சாம்பலும் ஓரத்தில் பழுப்புமாக இருந்தால் இரண்டு லேயர் தேவைப்படலாம். மூன்றுக்கு மேல் போவது வீண் வேலை.

எவ்வளவு விட்டுவைப்பது

இரண்டு லேயரையும் 100 விழுக்காட்டில் விட்டால் கன்னம் பீங்கான் மாதிரி ஆகும். எந்த மனிதரின் கன்னமும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. `Opacity` 80க்கு இறக்குங்கள். இடத் திட்டு 163, 112, 85 அளவில் நிற்கும். தெளிந்த தோலைவிட ஒரு நூல் கருப்பு, அவ்வளவே. பாஸ்போர்ட் போன்ற அடையாளப் படங்களில் இந்த வேலையே கூடாது, ஆளை மாற்றும் எந்தத் திருத்தமும் அங்கே ஏற்கத்தக்கதல்ல. குடும்பப் படத்துக்கு 60 போதும் என்பது எங்கள் கருத்து, வீட்டார் தினமும் பார்த்துப் பழகிய முகம் அது. எதற்கும் அந்தப் பெண்ணிடமே கேட்டுவிடுவது நல்லது. மங்கு அப்படியே இருக்கட்டும் என்பவர்களும் உண்டு.

நிறம் ஏறவில்லை என்று எப்படி உறுதி செய்வது

முதலில் காவல்காரர்கள். கழுத்து, நெற்றிப் புள்ளிகளின் எண்களைத் தொடக்கத்தில் குறித்துவைத்ததோடு ஒப்பிடுங்கள். ஓர் எண் நகர்ந்திருந்தாலும் மாஸ்க்கில் எங்கோ கசிவு இருக்கிறது. `Alt` அழுத்தி மாஸ்க்கைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் திரையில் வரும், நெற்றியில் தவறித் தீட்டிய சாம்பல் கறை அங்கே தெரியும்.

பிறகு முழுமுகத்தின் சராசரி. `Lasso` கொண்டு முகத்தின் தோலை மட்டும் சுற்றுங்கள். கண், புருவம், உதடு, மூக்குத்துளை வேண்டாம். அந்தத் தேர்வைச் சேமித்து வையுங்கள். துணைத் தொகுப்பை மூடிவிட்டு `Ctrl+Alt+Shift+E` அழுத்தினால் இப்போதைய படம் ஒரு தனி லேயராக வரும். தேர்வை ஏற்றி `Filter > Blur > Average` கொடுத்தால் முகம் ஒரே நிறமாகும், அந்த எண்ணைக் குறியுங்கள். மூலப் படத்தின் நகலை எல்லா லேயர்களுக்கும் மேலே வைத்து அதிலும் இதையே செய்யுங்கள்.

சராசரி கொஞ்சம் ஏறத்தான் செய்யும், திட்டு ஏறியிருக்கிறதே. எவ்வளவு ஏறலாம் என்பதையும் கணக்கிடலாம். இடத் திட்டில் சிவப்பு 142 இலிருந்து 163க்கு வந்தது, 21 ஏற்றம். திட்டுகள் முகத்தோலில் பத்தில் ஒரு பங்கு என்றால் சராசரி ஏறக்குறைய 2 ஏற வேண்டும். 2, 3 என்று வந்தால் சரி. 6 வந்தால், திட்டைச் சமன் செய்தோம் என்று நினைத்துக்கொண்டு நிறத்தை ஏற்றியிருக்கிறோம். மாஸ்க்கின் ஓரங்களுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். பார்த்து முடித்ததும் அந்த இரண்டு லேயர்களையும் அழித்துவிடுங்கள்.

கண்ணால் பார்ப்பதற்கும் ஒரு வழி உண்டு. படத்தை `Image > Image Rotation > Flip Canvas Horizontal` கொடுத்துத் திருப்பிப் பாருங்கள். அரைமணி நேரம் ஒரே கன்னத்தைப் பார்த்த கண்ணுக்குத் திட்டு எங்கே இருந்தது என்று பழகியிருக்கும், அங்கேயே தேடும். திருப்பியதும் புதுமுகம் போல் தெரிந்து, வெளுத்த வளையமோ மிச்சக் கருமையோ சட்டென்று கண்ணில் படும். பார்த்துவிட்டு மறக்காமல் மீண்டும் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் முந்தானை வலத்தோளுக்குப் போயிருக்கும்.

மழுப்பும் முறைகள் பற்றி ஒரு வார்த்தை

தோலின் நிறத்தையும் நுணுக்கத்தையும் இரண்டு லேயராகப் பிரித்து, நிற லேயரை மழுப்புகிற முறை பரவலாக இருக்கிறது. வேகமானது என்பது உண்மை. ஆனால் மழுப்பும்போது திட்டின் கருமை போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் சுற்றிலும் பரவுகிறது, கன்னத்தின் வளைவைக் காட்டும் நிழலும் அதோடு கரைகிறது. கரைந்த நிழலைப் பார்த்து "முகம் டல்லா இருக்கு" என்று வெளிச்சம் ஏற்றுவார்கள். வெளுப்பு மறுபடி பின்வாசல் வழியாக வந்துவிடும். ஒட்டுப்போடும் கருவிகளான `Healing Brush` வகையும் பெரிய திட்டுக்கு ஏற்றதல்ல. ஒரு பருவுக்குச் சரி, உள்ளங்கை அகலத் திட்டுக்குப் போட்டால் ஒரே துளை திரும்பத் திரும்ப அச்சடித்தது போல் வரும்.

கிம்ப் வைத்திருப்பவர்கள் படத்தை நகல் லேயராக்கி, `Levels` பலகையில் சேனல் வாரியாக உள்ளீட்டின் வெள்ளை எண்ணை மேற்சொன்னபடி மாற்றி, கருப்பு மாஸ்க் போட்டுத் தீட்டினால் இதே பலன் கிடைக்கும். எண்ணைப் பிறகு திருத்த வேண்டியிருந்தால் புதிய நகலிலிருந்து தொடங்குவது நல்லது.

அச்சுக்குப் போகும்போது

இவ்வளவு செய்தும் ஆல்பத்தில் முகம் வெளுத்து வந்தால் தவறு உங்கள் கோப்பில் இல்லாமலும் இருக்கலாம். அச்சகத்தில் படங்களைத் தானாகத் திருத்தும் வசதி ஓடிக்கொண்டிருந்தால், இருண்ட முகத்தைக் குறை வெளிச்சம் என்று எண்ணி அது ஏற்றிவிடும். கோப்பைக் கொடுக்கும்போதே "கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம், அப்படியே போடுங்க" என்று சொல்லி, ஆர்டரிலும் எழுதிக் கொடுங்கள். `Edit > Convert to Profile` வழியாக sRGBக்கு மாற்றிய 8 பிட் நகலைக் கொடுத்து, லேயரோடு உள்ள கோப்பை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். முழு ஆல்பத்துக்கு முன், கழுத்தும் முகமும் சேர்ந்து தெரியும் ஒரு படத்தைச் சிறிய அளவில் அச்சடித்து வாங்கி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கழுத்தையும் கன்னத்தையும் மாறிமாறிப் பார்க்கும்போது கண் எங்கேயும் தடுக்கவில்லை என்றால் மிச்சப் பக்கங்களை அனுப்பலாம்.